தொட்டி நீரில் குளோரின்: புது ஆபரேட்டருக்கான செய்முறைத் தாள்

கிராம ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது அன்றாட வேலை. பல ஆண்டு செய்த ஆபரேட்டருக்கு அது கைப்பழக்கம். அவர் விடுப்பில் போகும் நாளில் புதிதாக வருபவர் யாரிடமும் கேட்காமல் அதே வேலையைச் செய்ய, எழுதிய தாள் ஒன்று வேண்டும். அலுவலகங்களில் இதை எஸ்.ஓ.பி. என்பார்கள். இதை எழுதுவதில் உள்ள சிரமம், பழகியவர் தான் செய்வதில் பாதியை உணராமலே செய்கிறார் என்பதுதான். “எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “பவுடரைக் கரைத்து ஊற்றுவேன்” என்பார். அதனால் வாய்மொழியை நம்பாமல், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும்.

பார்த்தால் அந்த ஒரு வரிக்குள் பல செயல்கள் தெரியும். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைக்கிறார். முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விடுகிறார். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுகிறார். தொட்டிக்குப் போவது அந்தத் தெளிந்த நீர்தான். வண்டலையும் ஊற்றினால் அது தொட்டியின் அடியில் சேரும். தாளில் இவை ஒவ்வொன்றும் தனி வரியாக, செய்யும் வரிசையில் வர வேண்டும். கையுறை, முகமறைப்பு அணிவதும், காற்றோட்டமான இடத்தில் கரைப்பதும், அமிலம் எதையும் பக்கத்தில் வைக்காததும் பவுடர் மூட்டையைத் திறக்கச் சொல்லும் வரிக்கு முன்பே இடம்பெற வேண்டும். எச்சரிக்கையைத் தாளின் கடைசியில் போட்டால், அதைப் படிக்கும்போது பவுடர் கண்ணில் பட்டிருக்கும்.

அளவுதான் பெரும்பாலும் தவறும் இடம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது தமிழகத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகிறது. புதியவரிடம் தராசு இருக்காது. பெருக்கிப் பார்க்கவும் அவரை விடக்கூடாது. எழுதுபவரே மளிகைக் கடைத் தராசில் 120 கிராம் நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி, அந்த மட்டத்தில் அழியாத கோடு போட்டுவிடலாம். தாளில், “காலித் தொட்டியை நிரப்பினால் கோடு வரை, பாதித் தொட்டியை நிரப்பினால் கோட்டில் பாதி, பவுடரை அழுத்தி நிரப்பக்கூடாது” என்று வந்தால் போதும். அழுத்தினால் அதே கோட்டுக்குள் கூடுதல் பவுடர் அடங்கிவிடும். மூட்டை மாறும்போது கோட்டையும் மறுபடி நிறுத்துச் சரிபார்க்க வேண்டும்.

நேரத்தையும் இதே போலத் திட்டமாக எழுத வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்லக் குறைந்தது அரை மணி நேரம் வேண்டும். “அரை மணி கழித்து வால்வைத் திற” என்றால், ஊற்றியதிலிருந்தா, மோட்டார் நின்றதிலிருந்தா என்று புதியவர் திகைப்பார். தொட்டி நிரம்பும்போதே ஊற்றினால் வரும் நீர் தானாகக் கலந்துவிடும். ஆகவே மோட்டாரை நிறுத்திய நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, அதிலிருந்து 30 நிமிடம் என்று குறிப்பிட வேண்டும்.

வேலை சரியாக முடிந்ததை எப்படி அறிவது என்பதும் தாளிலேயே இருக்க வேண்டும். ஊரின் கடைசிக் குழாயில் நீர் பிடித்து, குளோரோஸ்கோப் குழலில் மருந்துத் துளிகளை விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை உடனே வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டிக்கு அடுத்த குழாயில் பார்த்தால் எப்போதும் நல்ல நிறமே வரும். அதனால் எந்தத் தெருவின் எந்தக் குழாய் என்று பெயரோடு எழுதுவது அவசியம்.

நிறம் வரவில்லை என்றால்? வாய் திறந்து கிடந்த மூட்டையில் பவுடர் வீரியம் இழந்திருக்கலாம். நீரில் அழுக்கு கூடியிருக்கலாம். இதைப் புதியவர் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, “இன்னொரு முறை சோதிக்கவும், மறுபடியும் வராவிட்டால் அளவைத் தானே கூட்டாமல் ஊராட்சிச் செயலரை அழைக்கவும்” என்று எழுதி, கைபேசி எண்ணையும் அடுத்தே சேர்க்க வேண்டும். எங்கே நிறுத்திக்கொள்வது என்று சொல்லாத தாள் முழுமையானது அல்ல.

எழுதி முடித்த பின், இந்த வேலையைச் செய்தே இராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் ஆபத்து நேருமானால் தவிர வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அவர் தயங்கும் இடம், திரும்பிப் பார்க்கும் இடம், “எந்த வாளி?” என்று கேட்கும் இடம் எல்லாம் தாளின் குறைகளே. அவற்றைத் திருத்தி, இன்னொரு புதியவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவரும் கேள்வி கேட்காமல் முடித்தால், தாளில் தேதியிட்டு, ஈரம் படாத உறையில் போட்டு மோட்டார் அறைச் சுவரில் மாட்டிவிடலாம். தொட்டியோ மோட்டாரோ மாறினால் பழைய தாளைக் கழற்றிவிட்டே புதியதை மாட்ட வேண்டும். இரண்டும் சுவரில் இருந்தால் எதைப் பின்பற்றுவது என்று வருபவருக்குத் தெரியாது.