சங்கம் சொல்லும் நான்கு லட்சமும் கணக்கில் இல்லாத 436 ரூபாயும்

மே மாதக் கடைசி நெருங்கினால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பலகையில் குழுக் காப்பீடு பற்றிய அறிவிப்பு ஏறிவிடும். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், விபத்தில் இறந்தால் நான்கு லட்சம், மே 31க்குள் புதுப்பிக்க வேண்டும், குடும்பத்தார் இறப்புச் சான்றுடன் சங்கத்தை அணுகலாம். இவ்வளவுதான் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களைப் படித்தால், குழப்பம் எல்லாம் அறிவிப்பில் எழுதாமல் விட்ட இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று தெரிகிறது. சங்கப் பட்டியலில் பெயர் இருக்கும்போது காப்பீட்டுப் பணம் எப்படி இல்லாமல் போகும் என்பதே பலருடைய கேள்வி.

முதலில் அந்த நான்கு லட்சம். அது ஒரே காப்பீடு அல்ல. இரண்டு தனித்தனித் திட்டங்களின் தொகையைக் கூட்டி அறிவிப்பில் ஒரே எண்ணாக எழுதுகிறார்கள். ஒன்று பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா: எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம், ஆண்டுக்கு 436 ரூபாய். மற்றது சுரக்‌ஷா பீமா: விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம், ஆண்டுக்கு 20 ரூபாய். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போது மாரடைப்பு வந்து இறந்தவரின் வீட்டுக்கு இரண்டு லட்சம்தான் வரும். நான்கு லட்சம் என்று கொட்டை எழுத்தில் போடும் அறிவிப்பு இதையும் அதே அளவு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

சங்கத்தை நம்பிக் குடும்பங்கள் ஏமாறுவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2005-06ல் வந்த மகாத்மா காந்தி புங்கர் பீமா திட்டத்தில் எல்லாமே சங்கம், கைத்தறித் துறை, எல்ஐசி என்ற மூன்று இடங்களுக்குள் முடிந்தது. ஆண்டு பிரீமியம் 470 ரூபாயில் மத்திய அரசு 290, எல்ஐசியின் சமூகப் பாதுகாப்பு நிதி 100, நெசவாளர் 80 என்று பங்கு. இயற்கை மரணத்துக்கு 60,000, விபத்து மரணத்துக்கு ஒன்றரை லட்சம். நெசவாளரின் 80 ரூபாயைச் சங்கம் வாங்கும், சங்கமே பட்டியலை அனுப்பும், வீட்டில் ஒருவர் போய்விட்டால் சங்க மேலாளரிடம் சொன்னால் போதும். 2017 ஜூனில் இந்த ஏற்பாடு மேலே சொன்ன இரண்டு பிரதமர் திட்டங்களோடு இணைக்கப்பட்டது. தொகை கூடியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜீவன் ஜோதியின் விதிப்படி மூலப் பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும், உறுப்பினரின் பாதுகாப்பு அவருடைய சேமிப்புக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். சங்கம் படிவம் நிரப்பித் தரலாம், கூட வரலாம். காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கணக்கில் விழுந்த ஒரு பற்று வரிதான்.

என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பற்று நடக்கும் விதம். ஒவ்வோர் ஆண்டும் மே 25 முதல் 31 வரை வங்கி தானாகவே பணத்தைப் பிடிக்கும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாதுகாப்பு மே 31 நள்ளிரவோடு முடிகிறது. வீடு தேடி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். சங்கப் பதிவேட்டிலும் பெயர் அப்படியே இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 46 வயது நெசவாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி கணக்கில் ஏறிய மறுநாளே வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுவார். பெரும்பாலான நெசவாளர் வீடுகளின் நிலை அதுதான். மே 28ஆம் தேதி அவர் கணக்கில் இருப்பது 310 ரூபாய். இரண்டு திட்டங்களுக்கும் பற்று தனித்தனியாக வருகிறது. 20 ரூபாய் பிடிபட்டுவிடும், 436 பிடிபடாது. கைபேசியில் பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வரும். வீட்டில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அவருக்கு மிஞ்சியிருப்பது விபத்துக் காப்பீடு மட்டும்.

ஜூன் நடுவில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, 14ஆம் தேதி வங்கிக்குப் போய் 436 ரூபாய் கட்டி மறுபடி சேருகிறார். அத்தோடு சரியாகிவிடவில்லை. விட்டுப்போய் மறுபடி சேருபவரைப் புதிதாகச் சேருபவராகவே விதி பார்க்கிறது. சேர்ந்த நாளிலிருந்து முதல் 30 நாளுக்குள் நோயால் இறந்தால் பணம் கிடையாது. ஜூலை 3ஆம் தேதி அவர் மாரடைப்பில் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் வராது. ஆறேழு ஆண்டு தவறாமல் கட்டியவராக இருந்தாலும் இதே கதிதான். அதே ஜூலை 3ஆம் தேதி ராஜபாளையம் சாலையில் விபத்தில் இறந்தால் நான்கு லட்சமும் உண்டு, ஏனென்றால் அந்த 30 நாள் விலக்கு விபத்து மரணத்துக்குப் பொருந்தாது. மே 28 அன்று கணக்கில் இன்னும் 146 ரூபாய் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

30 நாள் விலக்கு எதற்கு என்றும் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை இல்லாமல் எல்லோரையும் ஒரே பிரீமியத்தில் சேர்க்கும் திட்டம் இது. படுத்த படுக்கையாக இருப்பவரை முந்தின நாள் சேர்த்துவிட்டு மறுநாள் பணம் கேட்பதைத் தடுக்க ஏதோ ஒரு வேலி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டிவந்து, ஒரு மே மாதம் சில நூறு ரூபாய் குறைந்ததால் விடுபட்டவரையும் அதே வேலிக்கு வெளியே நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. கூலி வாராவாரம் வந்து வாராவாரம் கரையும் தொழிலில் இந்த விதி யார் மேல் விழும் என்பது, விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள வழி எளிது. ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் வரவுசெலவு பதிந்து வாங்குங்கள். PMJJBY என்ற எழுத்துகளுக்கு நேரே 436, PMSBY என்பதற்கு நேரே 20, இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அன்றைக்கே கிளை மேலாளரைப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள அந்த 30 நாளும் தள்ளிப் போகும். சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மே 25க்கு முந்தின கூலியின்போதே 456 ரூபாயைக் கணக்கில் விட்டுவைக்கும்படி ஒவ்வொரு உறுப்பினரிடமும் சொல்லுங்கள். பலகையில் எழுதுவதைவிட அது பயன்படும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ஜன்தன் கணக்கு திறந்தபோது ஒரு வங்கியில் சேர்ந்திருப்பார், பிறகு சங்கத்தின் ஏற்பாட்டில் கூலி வரும் வங்கியிலும் சேர்ந்திருப்பார். இரண்டு கணக்கிலும் ஆண்டுதோறும் 436 போகும். இறந்தால் இரண்டு லட்சம் ஒரு முறைதான் கிடைக்கும். கூடுதலாகப் போன பிரீமியம் பறிபோகும் என்றும் விதியில் இருக்கிறது. ஒன்றை எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். சொந்தமாக எடுத்த எல்ஐசி பாலிசிக்கு இதனால் பாதிப்பில்லை, அது தனியாக வரும்.

இனி உரிமை கோருவது. இறந்தவர் எந்தக் கிளையில் கணக்கு வைத்து பிரீமியம் போனதோ அந்தக் கிளைக்குத்தான் நியமனதாரர் போக வேண்டும். உரிமைக் கோரல் படிவம், இறப்புச் சான்று, நியமனதாரரின் அடையாளச் சான்று, அவருடைய பாஸ்புக் நகல் வேண்டும். விபத்தென்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேரும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு மருத்துவமனைப் பதிவை ஏற்கிறார்கள். வங்கி ஏழு நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும், நிறுவனம் அடுத்த ஏழு நாளில் பணம் போடும் என்கிறது அரசு. தாள்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகே அந்த நாள்களை எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அதனால் தாள்களைக் கொடுக்கும்போதே தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். பெயரில் இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் இன்னொன்றில் என்று ஆதாரும் பாஸ்புக்கும் மாறியிருந்தால் அங்கேயே தடங்கும். உயிரோடு இருக்கும்போதே திருத்திக்கொள்வது ஒரு நாள் வேலை.

நியமனத்தில் நடக்கும் தவறு இன்னும் வலிக்கும். சங்கத்தில் பங்குத் தொகைக்கு மனைவி பெயர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வங்கியின் காப்பீட்டுப் படிவத்தில், கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர் அப்படியே கிடக்கும். காப்பீட்டுக்குச் செல்லுபடியாவது இரண்டாவதுதான். அந்த அம்மாவும் காலமாகிவிட்டிருந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கிக்கொண்டு வாரிசுகள் எல்லோரும் போய் நிற்க வேண்டும். நியமனதாரர் சிறு பிள்ளை என்றால் பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவரின் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.

கடிதங்களில் மிச்சமிருக்கும் கேள்விகள்:

வயது 52, இப்போது சேரலாமா? ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். சுரக்‌ஷாவில் 70 வரை சேரலாம்.

முன்பே சேர்ந்தவருக்கு எதுவரை? ஜீவன் ஜோதி 55 வயதோடு முடியும். தறியில் இருப்பவர்களில் அந்த வயதைத் தாண்டியவர்கள் ஏராளம் என்பதால் சங்கம் இதை அறிவிப்பில் எழுத வேண்டும்.

சங்கத்துக்குக் கடன் பாக்கி இருந்தால் பிடித்துக்கொள்வார்களா? இந்த இரண்டு திட்டங்களின் பணமும் நியமனதாரர் கணக்குக்கே போகும். கடன் தனி விவகாரம்.

ஆண்டு நடுவில் சேர்ந்தால் முழுப் பிரீமியமா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 436, நவம்பர் வரை 342, பிப்ரவரி வரை 228, மே வரை 114. விபத்துத் திட்டத்துக்கு எப்போது சேர்ந்தாலும் 20.

இறப்பை எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும்? 21 நாள், தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும்.

மறுத்துவிட்டால்? எழுத்தில் காரணம் கேளுங்கள். அடுத்து காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், அதற்கும் மேல் சென்னையில் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன், கட்டணமில்லை.

படிவம் எங்கே? கிளையில், அல்லது jansuraksha.gov.in தளத்தில்.

விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறேன், சங்க உறுப்பினர் இல்லை? சேமிப்புக் கணக்கும் வயதும் போதும், சங்கம் தேவையில்லை.