மொழிக்கு ஐந்து கட்டங்கள்

ஒரு பக்க ரெஸ்யூமேயில் "ஜெர்மன் நன்றாகத் தெரியும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் ஏற்படுத்திய யூரோபாஸின் சி.வி. படிவம் அதோடு விடுவதில்லை. தாய்மொழியைத் தனியே குறித்துவிட்டு, மற்ற ஒவ்வொரு மொழிக்கும் கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என ஐந்து கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. ஏ1 தொடக்கநிலை, சி2 உச்சம்.

பெர்லினில் வேலை தேடும் போர்ச்சுகல் செவிலியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருந்துக் குறிப்புகளைத் தடையின்றி வாசிப்பார், வாசித்தலுக்கு சி1. நோயாளியின் உறவினர் படபடவென்று கேள்வி கேட்டால் திணறுவார், உரையாடலுக்கு பி1தான். வார்டுக்கு அவர் தயாரா என்பதை அந்த இரண்டாவது கட்டம்தான் சொல்கிறது. நிலைகளை விண்ணப்பிப்பவரே போட்டுக்கொள்வது இதன் பலவீனம். ஐந்திலும் சி1 என்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தேர்வுச் சான்றிதழ் இருந்தால் அதையும் குறிப்பிடுவது நல்லது.

சொந்த விவரம், பணி அனுபவம், கல்வி, கணினித் திறன் ஆகிய மற்றப் பகுதிகள் நமக்குப் பழகியவையே. அண்மைய வேலை முதலில் வரும். ஒவ்வொன்றுக்கும் தேதி, நிறுவனம், ஊர், செய்த பணி என எழுதும்போது இரண்டு மூன்று பக்கம் ஓடிவிடும். ரெஸ்யூமே அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும். இங்கே ஓராண்டு விடுபட்டாலும் தேதிகளே காட்டிக்கொடுத்துவிடும்.