கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கட்டுப்படுத்துமா?

தொழில் பேரங்களில் முதலில் வருவது விருப்பக் கடிதம். ‘உங்களோடு ஒப்பந்தம் செய்ய எண்ணியிருக்கிறோம்’ என்பதற்கு மேல் அது பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அடுத்தது புரிந்துணர்வு ஒப்பந்தம். பேசி முடித்த அம்சங்களை எழுதிவைப்பது. கடைசியாக வரும் இறுதி ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். முதல் இரண்டுக்கும் பொதுவாக அந்த வலு இல்லை. விருப்பக் கடிதம் பிற்காலத்தில் ஒப்பந்தம் செய்யும் எண்ணத்தை மட்டுமே காட்டுகிறது என்று நம் உச்ச நீதிமன்றமும் 2006இல், டிரஸ்ஸர் ராண்ட் வழக்கில் சொன்னது. ஆனால், ஏற்றுக்கொண்டோம் என்ற நோக்கம் வாசகத்திலேயே தெளிவாகத் தெரிந்தால், அதே கடிதம் கட்டுப்படுத்தவும் செய்யும் என்றது. ஆக, தாளின் தலைப்பை மட்டும் நம்ப முடியாது.

இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது அமெரிக்காவின் டெக்சாகோ. 1984 ஜனவரித் தொடக்கத்தில் கெட்டி ஆயில் நிறுவனத்தை வாங்க பென்சாயில் பேரம் பேசியது. கெட்டியின் பெரும் பங்குதாரர்களும் பென்சாயிலும் ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டனர். கெட்டியின் இயக்குநர் குழு விலையைச் சற்று உயர்த்திக் கேட்டது, பென்சாயில் சம்மதித்தது. ‘கொள்கையளவில் உடன்பாடு’ என்று பத்திரிகைக் குறிப்பும் வெளியானது. விரிவான இறுதி ஒப்பந்தம் மட்டும் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில் டெக்சாகோ கூடுதல் விலை சொல்லி கெட்டியை வாங்கிவிட்டது.

இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை யாரும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று டெக்சாகோ வாதாடியது. பத்திரிகைக் குறிப்பிலேயே அந்த நிபந்தனை இருந்ததால் அது வெறும் சாக்கு அல்ல. ஆனால் ஹூஸ்டன் நடுவர் குழு வேறு கேள்வியைப் பார்த்தது: இரு தரப்பும் அப்போதே கட்டுப்பட எண்ணினார்களா? ஆம் என்று முடிவு செய்து, அந்த உடன்பாட்டைக் குலைத்ததற்காக டெக்சாகோ 1,053 கோடி டாலர் தரவேண்டும் என்று 1985இல் தீர்ப்பளித்தது. டெக்சாகோ 1987இல் திவால் பாதுகாப்பை நாடியது. முடிவில் 300 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

எனவே கட்டுப்பட விரும்பாதவர் அதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்: ‘இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எந்தத் தரப்புக்கும் கடப்பாடு இல்லை.’ எழுதிய பிறகு நடத்தையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முன்பணம் வாங்கினால், வேலையைத் தொடங்கச் சொன்னால், பேரம் முடிந்துவிட்டதென்று அறிவித்தால் அந்த வரி பலவீனமாகும். கட்டுப்படுத்தாத புரிந்துணர்விலும்கூட ரகசியம் காத்தல், குறிப்பிட்ட காலம்வரை வேறு யாரோடும் பேரம் பேசாதிருத்தல் போன்ற பிரிவுகளை மட்டும் ‘இவை கட்டுப்படுத்தும்’ என்று தனியே குறிப்பது வழக்கம். அவற்றை மீறினால் வழக்குத் தொடரலாம்.

விருப்பக் கடிதத்தை நம்பி வேலையைத் தொடங்கிவிடும் சிறு ஒப்பந்ததாரர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இறுதி ஒப்பந்தம் வராமலே போனாலும் அவர்களுக்கு ஒரு வழி உண்டு. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி செய்த வேலையின் பலனை மறுதரப்பு அனுபவித்திருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 70ஆம் பிரிவின்படி ஈடு கேட்கலாம். செய்த வேலைக்கான நியாயமான மதிப்புதான் கிடைக்கும். ஒப்பந்தம் வந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை இந்தப் பிரிவின்கீழ் கேட்க முடியாது.