கன்டெய்னர் கிளம்பும் முன் ஒரு கடிதம்

திருப்பூரிலிருந்து ஒரு நாற்பதடி கன்டெய்னர் நிறைய பருத்தி டி-ஷர்ட் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 அட்டைப்பெட்டிகள், பெட்டிக்கு 60 உருப்படி. ஏற்றுமதியாளர் காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தை நிரப்புகிறார். சரக்கு: ஆயத்த ஆடை. பயணம்: தூத்துக்குடி முதல் ஹாம்பர்க் வரை. கட்டு: அட்டைப்பெட்டி. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு அண்டர்ரைட்டரால் எதையும் எடைபோட முடியாது. சரக்கை ஏற்பதா, எந்த நிபந்தனையோடு, எவ்வளவு பிரீமியத்துக்கு என்று முடிவெடுப்பவர் அவர். அவர் சரக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை. அவருக்காகத்தான் படிவத்தோடு ஒரு கவரிங் லெட்டர் இணைக்கிறோம். ஒரு பக்கம் போதும்.

சரக்கைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும். வழியைத்தான் விரிவாக எழுத வேண்டும். திருப்பூர் கிடங்கிலிருந்து லாரியில் தூத்துக்குடி, அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு, கொழும்பில் இறக்கிப் பெரிய கப்பலில் ஏற்றி ஹாம்பர்க், கடைசியில் வாங்குபவரின் கிடங்கு. கொழும்பில் எத்தனை நாள் காத்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். கன்டெய்னரை ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் அடிபட வாய்ப்பு உண்டு. 2023 நவம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. அப்படிப் போனால் பயணம் பத்து நாளுக்கு மேல் நீளும். உங்கள் கப்பல் எந்த வழி என்று கடிதத்தில் இருக்கட்டும். போர் ஆபத்துக்குத் தனிப் பிரிவு கேட்டு வாங்க வேண்டும். பொதுவான பாலிசியில் அது கிடையாது. தாமதத்தால் சீசன் தவறி விற்பனை போனால், அந்த நஷ்டத்துக்கு எந்த விரிவான பாலிசியும் பொறுப்பேற்காது.

அடுத்தது கட்டுமானம். துணிக்குக் கடல்நீரைவிடப் பெரிய பகை கன்டெய்னருக்குள்ளேயே ஊறும் ஈரம். தூத்துக்குடி வெயிலில் பூட்டிய காற்றும், பருத்தியும், அட்டையும் ஈரத்தைச் சுமந்தே கிளம்புகின்றன. ஐரோப்பியக் குளிரில் இரும்புக் கூரை சில்லிடும்போது அந்த ஈரம் வேர்த்துச் சொட்டுகிறது. மேல்வரிசைப் பெட்டிகள் நனைந்து பூஞ்சை பிடிக்கும். பெட்டி திறந்ததும் சர்வேயர் கறைமேல் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார். வெள்ளையாகத் திரிந்தால் உப்புநீர். திரியாவிட்டால் மழையோ இந்த வேர்வையோ என்ற விசாரணை தொடங்கும். சரக்கு தன் ஈரத்தாலேயே கெட்டது என்றோ, கட்டியது போதவில்லை என்றோ முடிவானால், மிக விரிவான 'ஏ' பிரிவு பாலிசியிலும் இழப்பீடு கிடைக்காது.

ஆகவே "ஏற்றுமதித் தரப் பேக்கிங்" என்ற வெற்றுச் சொல்லை எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "ஒவ்வொரு உருப்படியும் பாலித்தீன் உறையில், ஏழடுக்கு அட்டைப்பெட்டி, தரையில் மரச்சட்டம், ஈரம் உறிஞ்சும் பைகள் சுவரோரம் தொங்கவிடப்படும், ஏற்றும் முன் ஆள் உள்ளே நின்று கதவை மூடி, எங்காவது வெளிச்சம் கசிகிறதா எனப் பார்ப்போம்." கடைசி வரி மிக முக்கியமானது. ஓட்டைக் கன்டெய்னரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. எழுதியதைச் செய்யவும் வேண்டும், படமெடுத்து வைக்கவும் வேண்டும்.

மதிப்பில்தான் பலர் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நம் சரக்கின் எஃப்.ஓ.பி. விலை 82,500 யூரோ. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை 90,000. வழக்கப்படி அதன்மேல் பத்து சதவீதம் கூட்டி 99,000 யூரோவுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். வாங்குபவரின் இதர செலவுக்கும் லாபத்துக்கும் அந்தப் பத்து சதவீதம். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாலிசியில், மோசடி இல்லாதவரை, அந்தத் தொகையே இறுதி. 30 பெட்டிகள் முழுதாகக் கெட்டால் 99,000-இல் இருபதில் ஒரு பங்கு, அதாவது 4,950 யூரோ கிடைக்கும். எஃப்.ஓ.பி. விலைக்கே எடுத்திருந்தால் 4,125-தான். எனவே கடிதத்தில் தொகையை மட்டும் எழுதாமல், அது வந்த கணக்கையும் காட்டுங்கள்.

சாதகமில்லாத செய்தியையும் மறைக்காதீர்கள். போன வருடம் இதே வழியில் நனைந்து போன சரக்கு இருந்தால், அதையும் அதன்பின் செய்த மாற்றத்தையும் எழுதுங்கள். இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963-இன் 20-ஆம் பிரிவு, ஒப்பந்தம் முடிவதற்கு முன் முக்கியமான விவரம் அனைத்தையும் சொல்லும் கடமையைக் காப்பீடு எடுப்பவர்மீதே வைக்கிறது. அவர் சொல்லத் தவறினால் நிறுவனம் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். அப்போது 30 பெட்டிக்கு மட்டுமல்ல, 600 பெட்டிக்கும் காப்பு இருக்காது.