தலையில் விழாத அலங்காரம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் நேப்பியர். ஆர்ட் டெகோ கட்டடங்களுக்குப் பெயர்போன ஊர். விடுமுறையில் அதன் கடைவீதிகளில் இரண்டு நாள் சுற்றினேன். படிப்படியாக ஒடுங்கும் முகடு, சூரியக் கதிர் கோடுகள், கப்பலைப் போல வழுவழுப்பான வளைவு என்று 1920களிலும் 30களிலும் உலகத் துறைமுகங்களை எல்லாம் சுற்றிவந்த பாணி இது. நமக்கும் புதிதல்ல. சிங்கப்பூரின் பழைய காலாங் விமான நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

ஆனால் நேப்பியரில் ஒன்று கண்ணை உறுத்தியது. அலங்காரங்கள் எல்லாம் தட்டையாக இருந்தன. நம்மூர் பழைய கடைவீடுகளில் பூவும் கொடியும் சுவரைவிட்டுப் புடைத்து நிற்கும். இங்கே சுவரில் அச்சு பதித்தது போல, விரல் கனத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தன, அவ்வளவுதான்.

காரணம் 1931 பிப்ரவரி 3. அன்று காலை 10.47க்கு 7.8 அளவில் நிலம் ஆடியது. அந்த வட்டாரத்தில் 256 பேர் இறந்தார்கள். நேப்பியரின் செங்கல் கட்டடங்களில் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிச் சுவர்களும் முகப்பு முக்கோணங்களும் கனத்த சிற்ப வேலைகளும் பெயர்ந்து தெருவில் விழுந்தன. கட்டடத்தைவிட்டு வெளியே ஓடி வந்தவர்களின் மேலேயே விழுந்தன. பிறகு தீப்பிடித்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லை. நகர மையம் பெரும்பாலும் சாம்பலானது.

திரும்பக் கட்டியபோது ஊரின் நான்கு கட்டடக்கலை நிறுவனங்கள் போட்டியை ஒதுக்கிவைத்துச் சேர்ந்து வேலை செய்தன. பெரும்பாலும் இரண்டு மாடிதான். சுவர்கள் கம்பி கட்டிய கான்கிரீட். நீட்டிக்கொண்டு நிற்கும் எதுவும் வேண்டாம் என்று மக்களே நினைத்த காலம். உலகப் பொருளாதார மந்தம் வேறு. கையில் காசும் இல்லை. சிமென்ட் சுவரிலேயே மெல்லிய புடைப்பாக வார்த்துவிடும் ஆர்ட் டெகோ, இந்த இரண்டு கவலைக்கும் ஒரே பதிலாக அமைந்தது. மற்ற ஊர்களில் நாகரிகத்துக்காக வந்த பாணி, இங்கே பயத்தால் நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாணிதான் உயிரைக் காத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. டென்னிசன் தெருவில் பப்ளிக் டிரஸ்ட் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 1920களில் கட்டியது, பெரிய தூண்களோடு பழைய கிரேக்க பாணி. அந்த நிலநடுக்கத்தில் அதுவும் நின்றது. உள்ளே கான்கிரீட் இருந்ததே காரணம்.

சரி, தட்டையான சுவரில் எதை வார்ப்பது? பலர் சூரியக் கதிரும் நீரூற்று வடிவமும் போட்டார்கள். 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழின் கட்டடம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹேஸ்டிங்ஸ் தெருவும் எமர்சன் தெருவும் சந்திக்கும் முனையில், நியூசிலாந்து வங்கிக்காகக் கட்டப்பட்ட கட்டடம்தான் வேறு வழியில் போனது. பின்னாளில் ஏ.எஸ்.பி. வங்கி இயங்கிய இடம் அது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் சுருள் சுருளான வடிவங்கள். மாவோரி மக்கள் தங்கள் கூடும் மண்டபத்தின் கூரை மரங்களில் தீட்டும் கோவாய்வாய் கோலங்கள் அவை. இளம் பெரணித் தளிர் சுருண்டிருப்பதைப் போன்ற கோரு வடிவம் அதன் அடிப்படை. இந்தக் கோலமே தட்டையானது, திரும்பத் திரும்ப வருவது. அதனால் ஆர்ட் டெகோவின் நேர்கோட்டுச் சட்டத்துக்குள் இடறாமல் உட்கார்ந்துகொண்டது. கூரைக்குரிய கோலத்தைக் கூரையிலேயே வைத்த அந்த வரைவாளரின் நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முன்னோர் கதை சொல்லும் கோலம், பணம் எண்ணுபவர்களின் தலைக்கு மேலே ஏன் என்று ஒரு மாவோரி கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

பழைய துறைமுகப் பகுதியான அஹுரிரியில் இருக்கிறது நேஷனல் டொபேக்கோ கம்பெனி கட்டடம். லூயிஸ் ஹே 1933இல் வடிவமைத்தது. சதுரப் பெட்டிக்குள் ஒரு பெரிய வளைவு. அந்த வளைவுக்குள் வாசல். சுற்றிலும் ரோஜா, திராட்சை, கூடவே ராவ்போ என்னும் சம்புக் கோரை. ரோஜாவும் திராட்சையும் குடியேறிகளோடு கப்பலில் வந்தவை. கோரை மட்டும் அந்த மண்ணின் சதுப்பில் வளர்வது. மாவோரிகள் அதில் கூரை வேய்ந்தார்கள். புகையிலைக் கம்பெனியின் வாசலில் மூன்றும் ஒன்றாகப் பூத்திருக்கின்றன.

அஹுரிரிக்குப் போனால் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்து நிலத்தையும் பாருங்கள். அங்கே இருந்த பெரிய உப்பங்கழியின் தரையை அதே நிலநடுக்கம் இரண்டு மீட்டருக்கு மேல் தூக்கிவிட்டது. இன்றைய நேப்பியர் விமான நிலையம் அப்படி எழும்பிய தரையில்தான் இருக்கிறது. நான் ஊர் திரும்ப விமானம் ஏறியதும் அங்கேதான்.