ஒரு வரி கூடியது, மெயில் நின்றது

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் திடீரென்று சிலருக்குப் போய்ச் சேருவதில்லை. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு வழக்கம்போலப் போகிறது; ஒரு வங்கிக்கும் ஒரு கல்லூரிக்கும் மட்டும் போகவில்லை. மெயில் சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. போன வாரம் மார்க்கெட்டிங் பிரிவு ஏதோ ஒரு இணையச் சேவையில் பதிவு செய்துகொண்டது. "டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட டிஎன்எஸ்ஸில் இந்த வரியைச் சேருங்கள்" என்று அந்தச் சேவை கேட்டது, சேர்த்தார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் மெயில் நின்றதற்குக் காரணமும் அதுதான்.

கடிதம் வந்து சேரும்போது, பெறுகிற மெயில் சர்வர் ஒரு விஷயத்தைச் சரிபார்க்கிறது. இந்த டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு அனுமதி உண்டா? அனுமதி பெற்றவர்களின் பட்டியலை டொமைன்காரர் டிஎன்எஸ்ஸில் `v=spf1` என்று தொடங்கும் ஒரு வரியாக எழுதி வைத்திருப்பார். இதுதான் எஸ்பிஎஃப். இந்த வரிக்கென்று டிஎன்எஸ்ஸில் தனிப் பதிவு வகை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை யாரும் சீண்டவில்லை என்பதால் 2014-இல் வந்த திருத்தப்பட்ட விதியில் கைவிட்டுவிட்டார்கள். எனவே எஸ்பிஎஃப், எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற `TXT` பதிவுகளோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. அங்கேதான் சேவைகளின் சரிபார்ப்பு வரிகளும் குடியேறுகின்றன. எஸ்பிஎஃப் வரியை மட்டும் கொடு என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்க வழி கிடையாது. அந்தப் பெயரில் `TXT` கேட்டால் அத்தனை வரிகளும் ஒன்றாக வரும்.

இனி அளவுக்கு வருவோம். டிஎன்எஸ் கேள்வியும் பதிலும் வழக்கமாக யுடிபியில் பயணம் செய்கின்றன. இணைப்பு ஏற்படுத்தும் சடங்கு எதுவும் இல்லாமல் ஒரு பாக்கெட் போகும், ஒரு பாக்கெட் திரும்பும். 1987-இல் எழுதப்பட்ட விதி, யுடிபி பதிலுக்கு 512 பைட் என்று வரம்பு கட்டியது. `example.com` என்ற கற்பனை நிறுவனத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதிலின் தலைப்பகுதி 12 பைட், கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பகுதி 17. ஒவ்வொரு `TXT` வரிக்கும் அதன் எழுத்துகளோடு 13 பைட் மேல்செலவு. எஸ்பிஎஃப் வரி 190 எழுத்து என்றால் 203 பைட். சரிபார்ப்பு வரி ஒவ்வொன்றும் 68 எழுத்து என்றால் 81 பைட். அப்படி மூன்று இருக்கும்வரை மொத்தம் 475, சிக்கல் இல்லை. நான்காவது வரி சேர்ந்ததும் 556. வரம்பு தாண்டிவிட்டது.

வரம்பு தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பழைய விதியே சொல்லியிருக்கிறது. "பதில் முழுதாக இல்லை" என்று பொருள்படும் `tc` என்ற குறியைப் போட்டு சர்வர் அனுப்பும். கேட்டவர் அதே கேள்வியை டிசிபியில், அதே 53-ஆம் போர்ட்டில், மறுபடி கேட்க வேண்டும். டிசிபியில் 64 கிலோபைட் வரை பதில் வரலாம். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டாவது கதவைப் பலர் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பூட்டியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு டொமைனின் மொத்தப் பதிவுகளையும் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வேலை டிசிபியில் நடக்கிறது. அந்நியர் யாரும் அப்படி அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, "டிசிபி 53-ஐ மூடு" என்ற அறிவுரை ஃபயர்வால் அமைப்பவர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்தது. நகலெடுப்பதைத் தடுக்க டிஎன்எஸ் மென்பொருளிலேயே அமைப்பு இருக்கிறது. அதற்காகப் போர்ட்டை மூடுவது தேவையற்ற வேலை. 1989-இல் வந்த விதி, சர்வர்கள் டிசிபியையும் ஏற்பது நல்லது என்றது. 2016-இல் வந்தது, ஏற்றே ஆக வேண்டும் என்றது. ஃபயர்வால் விதிகளோ எழுதிப் போட்டபடியே கிடக்கின்றன.

அப்படியானால் மற்றவர்களுக்கு மெயில் எப்படிப் போகிறது? 1999-இல் இடிஎன்எஸ் என்ற நீட்டிப்பு வந்தது. "இத்தனை பைட் வரை யுடிபியிலேயே என்னால் வாங்க முடியும்" என்று கேட்பவர் கேள்வியோடு சொல்லிவிடலாம். 556 பைட் அவர்களுக்கு எளிதில் போய்விடும். அந்த வங்கியிலோ கல்லூரியிலோ இந்த நீட்டிப்பைப் பயன்படுத்தாத மென்பொருள் இருக்கலாம், அல்லது 512-க்கு மேற்பட்ட டிஎன்எஸ் பாக்கெட்டை வீசியெறியும் பழைய ஃபயர்வால் நிற்கலாம். அவர்கள் டிசிபிக்குப் போயாக வேண்டும். நம் நிறுவனத்தின் கதவோ பூட்டு.

இடிஎன்எஸ் எல்லாருக்கும் இருந்தாலும் சிக்கல் தள்ளித்தான் போகும், தீராது. வெகுகாலம் பலர் 4096 பைட் வாங்குவதாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் வழியில் ஒரு பாக்கெட் சுமார் 1500 பைட்தான் தாங்கும். பெரிய பதில் துண்டுகளாக உடைந்து போகிறது. போர்ட் எண் முதல் துண்டில்தான் இருக்கும். இரண்டாம் துண்டு யாருடையது என்று தெரியாத ஃபயர்வால் அதைத் தூக்கிப் போடும். ஒரு துண்டு போனால் முழுப் பதிலும் போன மாதிரிதான். பிழைச் செய்தி எதுவும் வராது, வெறும் காத்திருப்பு. அதனால்தான் 2020-இல் டிஎன்எஸ் மென்பொருளாளர்கள் கூடி 1232 பைட் போதும் என்று பரிந்துரைத்தார்கள். ஐபிவி6 பாதை உடைக்காமல் கொண்டுபோக வேண்டிய குறைந்தபட்ச அளவான 1280-இல், இரு தலைப்புகளுக்கான 48-ஐக் கழித்து வந்த எண் அது. இதைப் பின்பற்றுகிறவரிடம் 1232-ஐத் தாண்டும் பதில் உடையாமல், நேராக டிசிபிக்குத் திரும்பும். ஆக, டிசிபி திறந்திருப்பது முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

பதில் கிடைக்காத மெயில் சர்வர் என்ன செய்யும்? எஸ்பிஎஃப் விதி இதைத் தற்காலிகப் பிழை என்கிறது. கடிதத்தை ஏற்று மேலே நடக்கலாம். அல்லது `451 4.4.3` என்ற எண்ணோடு "பிறகு வா" என்று திருப்பலாம். திருப்பினால் அனுப்பியவரின் சர்வர் நான்கைந்து நாள் விடாமல் முயன்றுவிட்டு, பிறகுதான் கடிதம் போகவில்லை என்று சொல்லும். அந்தத் தாமதத்தால்தான் போன வார மாற்றத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

கண்டுபிடிக்க இரண்டு கட்டளைகள் போதும். நிறுவனத்துக்கு வெளியே உள்ள கணினியிலிருந்து கொடுக்க வேண்டும்.

```
dig +noedns +ignore TXT example.com @ns1.example.com
dig +tcp TXT example.com @ns1.example.com
```

முதலாவதில் `flags` வரியில் `tc` தெரிந்தால் பதில் 512-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். இரண்டாவது `connection timed out` என்று நின்றால் பூட்டு அங்கேதான். முழுப் பதிலும் வந்தால் கடைசியில் `MSG SIZE rcvd` என்று அளவும் தெரியும். டிசிபி வேலை செய்து, அப்போதும் ஒருவருக்கு மட்டும் மெயில் போகவில்லை என்றால், அவர்கள் பக்கத்து ஃபயர்வால் வெளியே போகும் டிசிபி 53-ஐத் தடுக்கிறதா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

சரிசெய்வதில் முதல் வேலை போர்ட்டைத் திறப்பது. அடுத்தது குப்பை கூட்டுவது: எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் சரிபார்ப்பு வரிகளை, அவை இனி தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீக்கலாம். எஸ்பிஎஃப் வரியை `include:` போட்டு வேறு பெயருக்குப் பிரித்து அனுப்புவதைச் சிலர் மருந்தாகச் சொல்கிறார்கள். பருத்திருப்பது எஸ்பிஎஃப் வரியே என்றால் அது உதவும், பத்துத் தேடல் என்ற எஸ்பிஎஃப் வரம்புக்குள் நிற்கும்வரை. பக்கத்து வரிகள் பெருத்திருந்தால் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அவை அதே பதிலில்தான் வரும். பெயருக்கும் அதன் `TXT` வரிகளுக்கும் சேர்த்து 450 எழுத்துக்குள் நிறுத்தினால் பதில் 512-க்குள் அடங்கும் என்று எஸ்பிஎஃப் விதியே ஒரு கணக்குச் சொல்கிறது.

போர்ட் திறந்த பிறகு, வரிசையில் நிற்கும் கடிதங்கள் அடுத்த முயற்சியில் தாமாகவே போய்விடும். காலக்கெடு முடிந்து திரும்பி வந்தவற்றை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும்.