பார்ப்பது 05/03, போவது 2012-03-05

ஒரு பள்ளியின் சேர்க்கை விண்ணப்பம் இணையத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்தது 2012 மார்ச் 5. அம்மா தன் கைப்பேசியில் நிரப்பும்போது பிறந்த தேதிக்கான கட்டத்தில் 05/03/2012 என்று தெரிகிறது. சிக்னல் போய்விட, அதே விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் திறந்து நிரப்பினால் அங்கே 03/05/2012 என்று தெரிகிறது. அம்மாவுக்குக் குழப்பம். ஆனால் எந்தக் கருவியிலிருந்து அனுப்பினாலும் பள்ளியின் சர்வருக்குப் போய்ச் சேர்வது ஒன்றேதான்: 2012-03-05. வருடம் முதலில், மாதம் நடுவில், நாள் கடைசியில்.

இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்.டி.எம்.எல். மொழியில் தேதிக் கட்டம் போட ஒரு வரி போதும்.

```html
<input type="date" name="dob" value="2012-03-05">
```

இதில் `value` என்பதுதான் கட்டத்தின் உள்ளே இருக்கும் சரக்கு. திரையில் தெரிவது, அந்தச் சரக்கைப் பிரவுசர் நமக்காக எழுதிக் காட்டும் விதம் மட்டுமே. பிரவுசரின் மொழியையும் கருவியின் வட்டார அமைப்பையும் பார்த்து அது வரிசையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் மாதம் முன்னால் வரும். இந்திய ஆங்கிலம் என்றால் நாள் முன்னால் வரும். ஜப்பானிய மொழி என்றால் வருடமே முன்னால் வரும். நம் ஊர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஆங்கிலம் என்பது அமெரிக்க ஆங்கிலமாகவே கிடப்பதால்தான் பிரவுசிங் சென்டரில் மாதம் முன்னால் வந்து நின்றது.

இணையப் பக்கம் செய்யப் புதிதாக வருபவர்கள் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டுவது வழக்கம். நாள்-மாதம்-வருடம் என்று காட்டவைக்க ஏதாவது வழி உண்டா என்று தேடுவார்கள். `format` என்று ஒரு பண்பை எழுதிப் பார்ப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. `placeholder` போட்டுப் பார்ப்பார்கள். தேதிக் கட்டத்தில் அதற்கு வேலை இல்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவித்தாலும் குரோம் தன் சொந்த மொழி அமைப்பையே பின்பற்றும். இன்னும் ஒன்று: திரையில் பயனருக்கு எந்த வரிசை தெரிகிறது என்று அந்தப் பக்கத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அதற்குக் கிடைப்பது `value` மட்டும்தான்.

மொத்த விஷயத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் அனுப்பப்படும்போது `dob=2012-03-05` என்பது போன்ற ஒரு துண்டு எழுத்துதான் சர்வருக்குப் போகிறது. அனுப்பியவர் மதுரையில் இருக்கிறாரா, நியூயார்க்கில் இருக்கிறாரா, அவர் கண்ணுக்கு மாதம் முன்னால் தெரிந்ததா பின்னால் தெரிந்ததா என்ற குறிப்பு எதுவும் கூடப் போவதில்லை. திரையில் தெரிந்ததையே அப்படியே அனுப்பினால், ஒருவரிடமிருந்து 05/03/2012 என்றும் இன்னொருவரிடமிருந்து 03/05/2012 என்றும் வரும். எது மார்ச் 5, எது மே 3 என்று சர்வரில் இருக்கும் நிரலால் கண்டுபிடிக்கவே முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளின் எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் குழப்பம் இல்லை. பதின்மூன்றாம் மாதம் கிடையாது. நாள் 1 முதல் 12 வரை இருந்தால்தான் சிக்கல். மாதத்துக்கு 12 நாள், 12 மாதத்துக்கு 144 நாள். அதில் 01/01, 02/02 மாதிரி எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் 12 நாள்களைக் கழித்தால் 132. அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தேதிகள் இரண்டு அர்த்தம் தரக்கூடியவை. சோதித்துப் பார்க்கும்போது 25/12 போன்ற தேதியைப் போட்டுப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். பிழை அந்த 132-க்குள் ஒளிந்திருக்கும்.

எனவே ஒரே ஒரு வடிவம் வேண்டும். அது ஏன் வருடத்தில் தொடங்கவேண்டும்?

நாளை முதலில் எழுதும் நாடுகளும் உண்டு, மாதத்தை முதலில் எழுதும் நாடும் உண்டு. ஆனால் வருடத்தை முதலில் எழுதும் சீனா, ஜப்பான், கொரியா, ஹங்கேரி, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் எல்லாம் அடுத்து வருவது மாதம்தான். நான்கு இலக்க வருடம் முன்னால் நின்றால், அடுத்தது மாதம் என்பதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. உலகத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரம் இந்த வரிசையைத்தான் வகுத்தது. 2006-இல் ஓப்பரா 9 பிரவுசர் முதன்முதலில் தேதிக் கட்டத்தைக் கொண்டுவந்தபோதும், பிறகு குரோமும், 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும், 2021-இல் மேக் கம்ப்யூட்டரின் சஃபாரியும் வரிசையாகச் சேர்ந்தபோதும் உள்ளே இருக்கும் மதிப்பு இந்த வடிவத்தை விட்டு நகரவில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. பெரிய அளவு முன்னால், சிறியது பின்னால் என்று நிற்பதால், இரண்டு தேதிகளை வெறும் எழுத்துகளாக ஒப்பிட்டாலே எது முந்தியது என்று தெரிந்துவிடும். 2012-03-05, 2012-10-01 இரண்டையும் அகராதி வரிசையில் அடுக்கினால் மார்ச் முன்னால் வரும். இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். 2012-3-5 என்று எழுதினால் 2012-10-01 அதற்கு முன்னால் போய் நிற்கும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 3-க்கு முந்தியது. அதனால்தான் எச்.டி.எம்.எல். விதி பூஜ்யம் இல்லாத தேதியைத் தேதியாகவே ஏற்பதில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும்? பெரிய சத்தம் எதுவும் இல்லை, கட்டம் காலியாகிவிடும். ஏற்கெனவே பதிவான பிறந்த தேதியைத் திருத்தும் பக்கத்தில் காட்டவேண்டும் என்று ஒரு புரோகிராமர் இப்படி எழுதுகிறார்:

```html
<input type="date" name="dob" value="05/03/2012">
```

பயனருக்குத் தெரிவதோ நிரப்பப்படாத கட்டம். பிரவுசர் அந்த மதிப்பை ஊகித்துத் திருத்த முயல்வதில்லை. செல்லாத தேதி என்று தூக்கிப் போட்டுவிட்டு வெற்று மதிப்பை வைத்துக்கொள்கிறது. ஊகிக்கத் தொடங்கினால் பழைய 132 நாள் சிக்கல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். திருத்தும் பக்கத்தைத் திறந்ததும் தேதி மட்டும் காணாமல் போகிறது என்று யாராவது புகார் சொன்னால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். பயனர் பாதியில் விட்டாலும் இதே நடத்தைதான். நாளையும் மாதத்தையும் அடித்துவிட்டு வருடத்தை மறந்தால், திரையில் பாதித் தேதி தெரியும். `value` மட்டும் காலியாக இருக்கும். பிப்ரவரி 31 என்று அடித்தாலும் அப்படியே. சர்வருக்கு முழுத் தேதி போகும், இல்லையென்றால் ஒன்றும் போகாது.

இவ்வளவு கறாரான வடிவத்திலும் தமிழர்கள் வாழும் ஊர்களில் தவறாமல் தலைகாட்டும் ஒரு பிழை உண்டு. கட்டத்தில் இன்றைய தேதியை முன்கூட்டியே நிரப்பிவைக்க வேண்டும் என்று பலரும் எழுதும் வரி இது:

```js
new Date().toISOString().slice(0, 10)
```

பகலில் சோதித்தால் அழகாக வேலை செய்யும். சிக்கல், `toISOString` நம் ஊர் நேரத்தைத் தருவதில்லை, உலகப் பொது நேரத்தைத் தருகிறது என்பதில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 15 அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், உலகப் பொது நேரப்படி அது ஆகஸ்ட் 14 இரவு 8.30. கட்டத்தில் நிற்பது 2024-08-14. நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை தினமும் இந்தத் தவறு நடக்கும். சிங்கப்பூரில் காலை 8 மணி வரை நீளும், அதற்குள் அங்கே பலர் அலுவலகம் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு டொராண்டோவில் நடக்கும். கட்டத்திலிருந்து வந்த 2024-08-15 என்ற மதிப்பை `new Date("2024-08-15")` என்று கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். டொராண்டோ கடிகாரத்தில் அப்போது ஆகஸ்ட் 14 இரவு 8 மணி. தேர்ந்தெடுத்தது 15, உறுதிசெய்யும் பக்கத்தில் தெரிவது 14.

இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான். கட்டத்தில் இருப்பது வெறும் நாள். அதற்கு மணியும் இல்லை, ஊரும் இல்லை. காலண்டரில் கிழிக்கும் ஒரு தாள் மாதிரி. அதை ஒரு நொடியாக மாற்றப் போகும்போதுதான் எந்த ஊர் நேரம் என்ற கேள்வி முளைக்கிறது. இன்றைய தேதி வேண்டுமென்றால் `getFullYear`, `getMonth`, `getDate` மூன்றையும் கேட்டு வாங்கி, மாதத்தோடு ஒன்றைக் கூட்டி, தேவையான இடத்தில் பூஜ்யம் வைத்து ஒட்டவேண்டும்; இவை பயனரின் ஊர் நேரப்படி பதில் சொல்பவை. கட்டத்திலிருந்து வந்த மதிப்பைச் சேமிக்க மட்டும் போகிறோம் என்றால் எதையும் மாற்றாமல் எழுத்தாகவே விட்டுவிடலாம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் அந்த வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் மதிப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதை நிரப்பும் கை தவறலாம். பிரவுசிங் சென்டரில் அந்த அம்மா பழக்கத்தில் 05 என்று முதலில் அடித்துவிட்டால், பிரவுசர் அதை மே மாதமாக எடுத்துக்கொண்டு 2012-05-03 என்று அனுப்பிவிடும். வடிவத்தில் குறை ஏதும் இல்லை, தேதிதான் வேறு. இதைத் தடுக்க எளிய வழி, அனுப்புவதற்கு முன் ‘பிறந்த நாள்: 3 மே 2012’ என்று மாதத்தின் பெயரோடு ஒருமுறை காட்டிச் சரிதானா என்று கேட்பது. பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளில் பிறந்த தேதி கேட்கும்போது தேதிக் கட்டத்தையே விட்டுவிட்டு, நாள், மாதம், வருடம் என்று பெயர் போட்ட மூன்று தனித்தனி எண் கட்டங்களை வைக்கச் சொல்கிறது அவர்களுடைய வடிவமைப்பு வழிகாட்டி. எந்தக் கட்டத்தில் எது என்று அங்கே ஊகிக்க வேண்டியதில்லை. அந்த மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸில் எழுதும் நிரலோ மறுபடி 2012, 03, 05 என்றே வரிசைப்படுத்திக்கொள்கிறது.